புரொபேஷனில் இருப்பவரை விடுவிக்கும் கடிதம்: காரணம் எழுதலாமா, எப்படி எழுதுவது?

கேள்வி: "எங்களுடையது இருபது பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். ஐந்து மாதத்துக்கு முன்னால் கொள்முதல் ஒருங்கிணைப்பாளராக ஒருவரை எடுத்தோம். நல்ல மனிதர், நேரத்துக்கு வந்துவிடுவார். ஆனால் இந்த வேலை அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. இரண்டு முறை உட்கார்ந்து பேசியும் பார்த்துவிட்டோம். அடுத்த மாதம் புரொபேஷன் முடிகிறது. அவர் மனம் நோகாமல், நாளைக்குப் பிரச்சினையும் வராமல் கடிதம் எப்படி எழுதுவது? காரணத்தை எழுதலாமா, வேண்டாமா?"

காரணத்தை எழுதுங்கள். இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். மனம் நோகாமல் எழுத வழி கிடையாது. வேலை போகிறது என்ற செய்தி நோகத்தான் செய்யும். அதற்கு மேல் குழப்பமோ அவமானமோ சேராமல் பார்த்துக்கொள்வதுதான் கடிதத்தால் ஆகக்கூடியது.

மனிதவளப் பிரிவில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய இப்படிப்பட்ட முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. நிறுவனத்தின் சூழல், அந்தப் பெண்ணின் உழைப்புக்கு நன்றி, தொடர்ந்து நடந்த பரிசீலனை என்று சுற்றிச் சுற்றிப் போய், விஷயம் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. அவர் முதல் பக்கத்தைப் படித்தார், திருப்பினார், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார். பிறகு நிமிர்ந்து, "சார், அப்போ நான் நாளைக்கு வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். மென்மையாக எழுதுவதாக நினைத்து, அந்தக் கேள்வியை அவர் வாயாலேயே கேட்க வைத்துவிட்டேன். அன்றிலிருந்து முடிவையும் கடைசி வேலை நாளையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன்.

கடிதத்தைத் தொடங்கும் முன் அவருக்கு நீங்கள் கொடுத்த பணி நியமனக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புரொபேஷன் எந்தத் தேதியில் முடிகிறது, அந்தக் காலத்தில் எத்தனை நாள் நோட்டீஸ், நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் கொடுத்து உடனே விடுவிக்கலாமா, தேதி கடந்துபோனால் என்ன ஆகும் என்ற நான்கையும் பாருங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சில நியமனக் கடிதங்களில், எழுத்தில் உறுதி செய்யும்வரை புரொபேஷன் தொடரும் என்று இருக்கும். சிலவற்றில், தேதி முடிந்தாலே நிரந்தரமானதாகக் கருதப்படும் என்று இருக்கும். இரண்டாவது வகை என்றால், ஒரு நாள் தாமதித்தாலும் நிரந்தரப் பணியாளரை நீக்கும் முறைக்குள் போய்விடுவீர்கள். எந்த வகையாக இருந்தாலும் கடிதம் கொடுக்கும் நாளும் நோட்டீஸ் முடியும் நாளும் புரொபேஷனுக்குள் இருப்பது பாதுகாப்பு. நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டம் குறைந்தபட்ச நோட்டீஸ் என்று ஒன்றைச் சொல்லியிருந்தால், உங்கள் கடிதத்தில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தாலும் சட்டத்தில் உள்ளதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "இரண்டு முறை பேசினோம்" என்கிறீர்கள். அந்தப் பேச்சில் வேலை போகக்கூடும் என்பது அவருக்குப் புரிந்ததா? "இன்னும் கொஞ்சம் கவனமா இருங்க" என்று தேநீர் குடிக்கும்போது சொன்னது எச்சரிக்கை ஆகாது. எது குறைகிறது, எந்த அளவுக்கு வர வேண்டும், எப்போதுக்குள், வராவிட்டால் என்ன என்ற நான்கும் சொல்லப்பட்டு, பிறகு ஒரு மின்னஞ்சலாகவாவது போயிருந்தால்தான் அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். அப்படிச் சொல்லவே இல்லை என்றால், சொன்னதாக இப்போது எழுதாதீர்கள். நியமனக் கடிதம் அனுமதித்தால் புரொபேஷனை எழுத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ நீட்டி, அளவை வைத்து, உண்மையான வாய்ப்புக் கொடுங்கள். நீட்டிப்புக் கடிதமும் பழைய தேதி முடிவதற்குள் அவர் கைக்குப் போக வேண்டும்.

இன்னொரு இடத்திலும் நில்லுங்கள். அவர் சமீபத்தில் நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தாரா? கர்ப்பம் பற்றித் தெரிவித்தாரா? யார்மீதாவது புகார் கொடுத்தாரா? அப்படி ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு கடிதம் எழுத வேண்டாம், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை முதலில் பாருங்கள். புரொபேஷன் என்பதால் இந்தப் பாதுகாப்புகள் இல்லாமல் போய்விடும் என்று நினைப்பது பல இடங்களில் தவறாக முடியும். அதேபோல, பணம் கையாடல், மிரட்டல் போன்ற குற்றச்சாட்டு உங்கள் மனதில் இருந்தால், அதற்கு விசாரணை என்று தனி வழி இருக்கிறது. அதை "வேலை சரிப்பட்டு வரவில்லை" என்ற கடிதத்துக்குள் மறைத்து வைக்கக் கூடாது.

இப்போது உங்கள் ஆளுடைய நிலைமையையே ஒரு கணக்காக வைத்துப் பார்ப்போம். தேதிகளும் எண்களும் என்னுடைய ஊகம், அவற்றுக்குப் பதில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பிப்ரவரி 10 அன்று சேர்ந்தார், புரொபேஷன் ஆறு மாதம். ஆகவே அது ஆகஸ்ட் 9 அன்று முடிகிறது. நோட்டீஸ் 14 நாள். ஏப்ரல் 11, ஜூன் 13 இரண்டு நாளும் உட்கார்ந்து பேசி, மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறீர்கள். கடிதத்தை ஜூலை 15 அன்று கொடுத்தால், மறுநாளான 16 முதல் எண்ணி 14 நாள் ஜூலை 29 அன்று முடியும். புரொபேஷன் முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கும். ஆகஸ்ட் 8 வரை தள்ளிப்போட்டால் நோட்டீஸ் 22 வரை ஓடி, புரொபேஷனைத் தாண்டிவிடும். "இந்த வாரம் சொல்ல மனசு வரலை" என்று தள்ளிப்போடுபவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தள்ளிப்போடுவதால் அவருக்கும் நன்மை இல்லை, வேறு வேலை தேடக் கிடைக்கும் நாட்கள்தான் குறைகின்றன.

காரணத்துக்கு வருவோம். பலர் எழுதுவது இப்படி இருக்கும்: "உங்கள் பணியில் ஆர்வமின்மையும் அலட்சியமும் காணப்படுவதால், எங்கள் நிறுவனப் பண்பாட்டுக்கு நீங்கள் பொருத்தமானவர் அல்ல என்று கருதுகிறோம்." இதில் ஒரு நிகழ்வுகூட இல்லை. ஆர்வம் இருந்ததா இல்லையா என்பது அவர் நெஞ்சுக்குள் இருப்பது, உங்களுக்கு எப்படித் தெரியும்? அலட்சியம் என்பது குணத்தின்மேல் வைக்கும் பழி. "பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை" என்பதைப் படிப்பவர், என் சாதியா, மதமா, வயதா, பேச்சா, எது பொருந்தவில்லை என்றுதான் யோசிப்பார். வழக்கு என்று போனாலும் அதே கேள்விதான் வரும்.

அதற்குப் பயந்து சிலர் எதிர்ப்பக்கம் போய், "நிறுவன மறுசீரமைப்பு காரணமாக" என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த வாரமே அதே வேலைக்கு விளம்பரம் கொடுக்க வேண்டியிருக்கும். அதை அவர் பார்ப்பார். பொய் சொல்லி அனுப்பினார்கள் என்ற எண்ணம் வேலை போன வருத்தத்தைவிடக் கடுமையானது. கடிதத்தில் அளவுக்கு மீறிப் புகழ்வதும் கூடாது. "மிகச் சிறந்த பணியாளர்" என்று முதல் பத்தியிலும் "விடுவிக்கிறோம்" என்று இரண்டாம் பத்தியிலும் எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும்.

நல்ல காரண வாக்கியத்தில் வேலையின் பெயர், எதிர்பார்த்த அளவு, நடந்த அளவு மூன்றும் இருக்கும். கொள்முதல் ஒருங்கிணைப்பாளருடைய முக்கிய வேலை, கேட்கப்பட்ட பொருளும் எண்ணிக்கையும் சரியாக இருக்கும்படி ஆர்டர் எழுதி சப்ளையருக்கு அனுப்புவது. ஜூன் 13 அன்று, நாற்பது ஆர்டரில் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியது நான்குக்கு மேல் போகக் கூடாது என்று பேசி வைத்தீர்கள். ஜூன் 16 முதல் ஜூலை 11 வரை அவர் எழுதிய 38 ஆர்டர்களில் 9 திருத்தப்பட்டன. அவ்வளவுதான் காரணம். இதைப் படிக்கும்போது அவருக்கு வலிக்கும், ஆனால் தன்னை யாரோ திட்டியதாகத் தோன்றாது. சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். ஆகவே அந்த 9 ஆர்டர்களையும் கடிதத்துக்கு முன் நீங்களே எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு, கேட்ட பிரிவே தப்பாக எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவற்றைக் கழித்துவிட வேண்டும். கழித்தபின் எண்ணிக்கை எல்லைக்குள் வந்துவிட்டால் முடிவையே மாற்றுங்கள்.

நேர்காணலில் நீங்கள் சொன்ன வேலையும் கடைசியில் கொடுத்த வேலையும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். சப்ளையர்களுடன் பேசத்தான் ஆள் வேண்டும் என்று எடுத்துவிட்டு, நாள் முழுக்க எண்களைப் பதிவு செய்ய வைத்திருந்தால், அதைக் கடிதத்தில் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அது உங்களுக்குக் குறைவில்லை. பாரம் முழுவதும் அவர் தலையில் விழாது.

பணத்தைப் பற்றிய பத்தி சுருக்கமாகவும் முழுமையாகவும் இருக்கட்டும். அவர் வீட்டுக்குப் போய் மறுபடி எடுத்துப் படிக்கப்போவது இந்தப் பத்தியைத்தான். மாதச் சம்பளம் 46,500 என்று வைத்துக்கொண்டால், 31 நாள் உள்ள ஜூலையில் ஒரு நாளைக்கு 1,500. ஜூலை 29 வரை 43,500. எடுக்காத விடுப்பு 4 நாளுக்கு 6,000. அவர் கைக்காசு போட்டுச் செலவழித்த 850. மொத்தம் 50,350, பிடித்தங்களுக்கு முன். சில நிறுவனங்கள் மாத நாட்களால் வகுக்காமல் வேலை நாட்களால் வகுப்பார்கள். எந்த முறையோ, இதுவரை மற்றவர்களுக்குப் பின்பற்றியதையே இவருக்கும் பின்பற்றுங்கள். "விரைவில் வழங்கப்படும்" என்று எழுதாமல் தேதியைப் போடுங்கள். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தால்தான் சம்பளம் என்ற மிரட்டல் தொனி வேண்டாம். உழைத்த நாளுக்கான சம்பளத்தைப் பிடித்து வைப்பது பல இடங்களில் சட்டப்படியே செல்லாது.

சரி, கடிதம் இப்படி இருக்கலாம்:

நாள்: ஜூலை 15, 2025

அன்புள்ள ______ அவர்களுக்கு,

உங்கள் தகுதிகாண் காலத்துக்குள், கொள்முதல் ஒருங்கிணைப்பாளர் பணியிலிருந்து உங்களை விடுவிக்க முடிவு செய்துள்ளோம். பணி நியமனக் கடிதத்தின் ___ஆம் பிரிவின்படி 14 நாள் நோட்டீஸ் இன்று அளிக்கிறோம். உங்கள் கடைசிப் பணி நாள் ஜூலை 29, 2025.

இந்தப் பணியின் முக்கியப் பகுதி, ஆர்டர்களைப் பிழையின்றி எழுதி அனுப்புவது. இது பற்றி ஏப்ரல் 11 அன்றும் ஜூன் 13 அன்றும் உங்களுடன் பேசினோம். 40 ஆர்டர்களில் திருத்தம் 4-க்கு மேல் போகக் கூடாது என்று ஜூன் 13 அன்று பேசி முடிவு செய்தோம். ஜூன் 16 முதல் ஜூலை 11 வரை அனுப்பிய 38 ஆர்டர்களில் 9 திருத்தப்பட வேண்டியிருந்தது. பணிக்குத் தேவையான அளவை எட்ட முடியாததே இந்த முடிவுக்குக் காரணம். உங்கள் நடத்தை பற்றியோ நேர்மை பற்றியோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சப்ளையர்களிடம் நீங்கள் பொறுமையாகப் பேசி, தாமதமான சரக்குகளை வரவழைத்ததை நன்றியுடன் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஜூலை 18-க்குப் பிறகு நீங்கள் அலுவலகம் வரத் தேவையில்லை. ஜூலை 29 வரை சம்பளம் முழுமையாக உண்டு. அதனுடன் எடுக்காத 4 நாள் விடுப்புக்கான தொகையும், நீங்கள் சமர்ப்பித்த செலவு 850-உம் சேர்த்து ஆகஸ்ட் 5-க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். கணக்கு விவரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

மடிக்கணினி, அடையாள அட்டை, அலுவலகச் சாவி ஆகியவற்றை ஜூலை 18 அன்று ______ அவர்களிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பணியில் இருந்த தேதிகளும் பதவியும் குறிப்பிட்ட பணிச் சான்று ஜூலை 29 அன்று அனுப்பப்படும். எங்களிடம் யாராவது விசாரித்தால் இந்த விவரங்களை மட்டுமே தெரிவிப்போம்.

இந்தக் கடிதத்தில் ஏதாவது தவறாக இருப்பதாக நினைத்தால், அல்லது கேள்வி இருந்தால், ______ அவர்களை ஜூலை 29 வரை எந்த நாளும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
______

கடிதம் அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். "உங்கள் நடத்தை பற்றியோ நேர்மை பற்றியோ" என்ற வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மை என்றால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் அப்பாவோ மனைவியோ கடிதத்தை வாங்கிப் படிக்கும்போது முதலில் தேடுவது அதைத்தான். "அப்படி என்ன தப்பு பண்ணினே?" என்ற கேள்விக்கு அவர் காட்டக்கூடிய பதில் அந்த ஒரு வரி. நன்றி சொல்லும் வாக்கியமும் அப்படித்தான். "உங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்று பொதுவாக எழுதினால் அச்சடித்த தாளில் பெயரை மட்டும் மாற்றியது போல இருக்கும். அவர் உண்மையில் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். எதுவும் தோன்றவில்லை என்றால் நன்றியையே விட்டுவிடலாம்.

கொடுக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவதோ, வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் தள்ளிவிட்டு அலைபேசியை அணைப்பதோ வேண்டாம். வார நடுவில், காலையில், கதவு மூடிய அறையில், அவருடைய மேலாளரும் இன்னொருவரும் இருக்கும்போது கொடுங்கள். உட்கார்ந்ததும், "உங்களை இந்தப் பணியில் தொடர வைக்க முடியாது என்று முடிவு செய்திருக்கிறோம், ஜூலை 29 உங்கள் கடைசி நாள்" என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு கடிதத்தை நீட்டுங்கள். அவர் படிக்கும்போது பேசாமல் இருங்கள். இது மிகவும் கடினம், அந்த அமைதியை நிரப்ப நாக்கு துடிக்கும். ஆனால் அப்போது சொல்லும் "உங்களுக்கு இதைவிட நல்லது கிடைக்கும்" போன்ற வார்த்தைகளை அவர் நெடுநாள் மறக்க மாட்டார், நல்ல விதத்தில் அல்ல.

நகலில் கையெழுத்துக் கேட்பீர்கள். அதில் "பெற்றுக்கொண்டேன்" என்ற வார்த்தையும் தேதியும் மட்டும் இருக்கட்டும். "ஏற்றுக்கொள்கிறேன்", "எனக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை" என்றெல்லாம் சேர்த்து அந்த நேரத்தில் கையெழுத்து வாங்குவது அநியாயம், பிறகு அது நிற்பதும் சந்தேகம். போட மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். அன்றே கடிதத்தை அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி, எத்தனை மணிக்கு நேரில் கொடுத்தோம், யார் யார் இருந்தோம் என்று கோப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

"நானே ராஜினாமா கொடுத்துவிடலாமா?" என்று அவரே கேட்கக்கூடும். கேட்டால், யோசிக்க இரண்டு நாள் கொடுங்கள். ராஜினாமா செய்தால் சில இடங்களில் வேலையிழப்பு உதவித்தொகை போன்றவை கிடைக்காமல் போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீங்களாக அதைக் கேட்டு வாங்கப் போகாதீர்கள். கேட்டு வாங்கிய ராஜினாமா பிற்பாடு கட்டாய நீக்கமாகப் பார்க்கப்படக்கூடும்.

கடைசியாக, அறையை விட்டு வெளியே வருமுன், சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். "இவர் 18-ஆம் தேதியோடு அலுவலகம் வருவதை நிறுத்துகிறார், கொள்முதல் விஷயங்களுக்கு இனி இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்பது போதுமா, அல்லது தானே சொல்லிக்கொள்ள விரும்புகிறாரா என்று கேளுங்கள். தானே சொல்கிறேன் என்பவர்கள்தான் அதிகம். அப்படியானால் உங்கள் அறிவிப்பை மறுநாள் காலைவரை நிறுத்தி வையுங்கள்.